மஞ்சள் கரு தோல் கட்டுகிறது, வெள்ளை இன்னும் ஆடுகிறது: ஓவனில் முட்டை

தாழ்ப்பாள் | ஜனவரி 4, இரவு 9.12

ராமெகின் கிண்ணத்தில் முட்டையை உடைத்து ஓவனில் வைக்கிறேன். 200 டிகிரி, 15 நிமிடம், மூடவில்லை. உள்ளே வெண்ணெய் தடவி, முட்டை மேல் உப்பும் மிளகும் தூவி, மேல் தட்டில். முட்டை ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வருகிறது.

எடுத்தால் மஞ்சள் கருவின் மேல் தோல் கட்டியிருக்கிறது, கரண்டியோடு இழுபடுகிறது. கிண்ணத்தின் ஓரத்தில் வெள்ளை வெந்து பழுப்பேறிவிட்டது. ஆனால் மஞ்சளைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை வேகவே இல்லை, ஆடுகிறது. இன்னும் மூன்று நிமிடம் விட்டால் அது வேகிறது, அதற்குள் மஞ்சள் பொடியாக உதிர ஆரம்பிக்கிறது.

சூடு அதிகம் என்பது என் கணிப்பு. 150-க்கு இறக்கி அரை மணி நேரம் விட்டால் எல்லாம் சீராக வெந்துவிடும் என்று நினைக்கிறேன். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

அரைவேக்காடு | ஜனவரி 4, இரவு 9.40

தண்ணீர் வைக்கவில்லையா? ஆழமான ட்ரேயில் தண்ணீர் ஊற்றி அதற்குள் கிண்ணத்தை வையுங்கள். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, எனவே முட்டை எவ்வளவு நேரம் இருந்தாலும் கெடாது. பிரச்சினை முடிந்தது, இழையை மூடலாம்.

கண்ணாடிக்கதவு | ஜனவரி 4, இரவு 10.05

மஞ்சள் கருவை ஊசியால் குத்தினீர்களா? குத்தாமல் வைத்தால் வெடிக்கும். எனக்கு ஒருமுறை கதவு முழுக்கத் தெறித்து, காய்ந்த மஞ்சளைச் சுரண்டியே ஞாயிற்றுக்கிழமை போச்சு. பாதி பவரில் முப்பது முப்பது வினாடியாக வையுங்கள்.

தாழ்ப்பாள் | ஜனவரி 4, இரவு 10.11

அது மைக்ரோவேவ். நான் கேட்பது கம்பி சிவக்கும் ஓவன்.

கண்ணாடிக்கதவு | ஜனவரி 4, இரவு 10.13

ஓ சரி. இருந்தாலும் குத்துவது நல்லது.

நடுத்தட்டு | ஜனவரி 5, காலை 6.50

குத்த வேண்டாம். ஓவனில் மஞ்சள் கரு வெடிக்காது. குத்தினால் கசிந்து வெள்ளையோடு கலந்துவிடும், அவ்வளவுதான்.

தாழ்ப்பாள், உங்கள் கணிப்பில் பாதி சரி. மேலிருந்து வரும் சூடு அதிகம். ஆனால் கீழிருந்து வருவது குறைவு. மொத்தமாக 150-க்கு இறக்கினால் முதல் பாதி சரியாகும், இரண்டாம் பாதி இன்னும் மோசமாகும்.

காரணம் முட்டைக்குள் இருக்கிறது. வெள்ளைக்கரு ஏறத்தாழ 62 டிகிரியில் வெளுக்கத் தொடங்கும். அது மிக மென்மையான நிலைதான், கரண்டியில் நிற்காது. அதில் உள்ள முக்கியமான புரதம் 80 டிகிரியை ஒட்டித்தான் இறுகுகிறது. அப்போதுதான் நாம் 'வெந்தது' என்று சொல்கிற உறுதி வரும். மஞ்சள் கரு 65-ல் கெட்டியாகத் தொடங்கி 70-ல் நின்றுவிடும். ஆக, வெள்ளை உறுதியாகவும் மஞ்சள் ஒழுகவும் வேண்டுமென்றால் வெள்ளை மஞ்சளைவிடச் சூடாக இருந்தாக வேண்டும். இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும் முட்டையில் நாம் கேட்கும் பதம் கிடைக்காது.

மெதுவாக, குறைந்த சூட்டில் வேகவைத்தால் என்ன ஆகும்? உள்ளும் புறமும் சூடு சமமாகப் பரவ நேரம் கிடைத்துவிடும். நமக்கு வேண்டாததே அதுதான்.

அரைவேக்காடு சொன்ன தண்ணீர் நல்ல யோசனை, சொன்ன காரணம்தான் இடிக்கிறது. தண்ணீர் 100-ஐத் தாண்டாது, ஆனால் மஞ்சள் 70-லேயே முடிந்துவிடுகிறதே. தண்ணீரில் ஒரு மணி நேரம் விட்டால் நன்றாக அவிந்த முட்டைதான் வரும். தண்ணீர் கிண்ணத்தின் ஓரம் பழுப்பேறாமல் காக்கும், சூட்டைச் சீராகக் கொடுக்கும். மேலே அதற்கு வேலை இல்லை. மஞ்சளின் தலை தண்ணீருக்கு வெளியே, 200 டிகிரிக் காற்றிலும் கம்பியின் வெக்கையிலும் நிற்கிறது.

அரைவேக்காடு | ஜனவரி 5, காலை 8.15

தலை வெளியே நிற்பதை நான் யோசிக்கவில்லை. இழையைத் திறந்தே வைக்கலாம்.

தாழ்ப்பாள் | ஜனவரி 6, இரவு 8.30

பிடிவாதத்துக்கு 150-ல் வைத்துப் பார்த்தேன், தண்ணீர் இல்லாமல். முதல் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் ஓரம் வெளுத்தது. அரை மணி நேரத்தை நெருங்கும்போது எடுத்தேன். மஞ்சள் முழுக்க ஒரே பதம், ஒழுகவும் இல்லை உதிரவும் இல்லை, கரண்டியில் தேன் மாதிரி மெதுவாக இறங்கியது. ருசி நன்றாகவே இருந்தது. ஆனால் வெள்ளை கரண்டி பட்டதும் குழைந்து நீர் விட்டது. நடுத்தட்டு சொன்னது அப்படியே.

இந்தத் தேன் பதம் வேண்டும் என்கிறவர்களுக்கு இது மோசமில்லை. எனக்கு வெள்ளை நிற்க வேண்டும்.

மாடிவீட்டு மல்லி | ஜனவரி 6, இரவு 9.02

எனக்கு வேறு கவலை. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை, ஒழுகும் மஞ்சள் கொடுக்க மாட்டேன். முழுசாக வேக வேண்டும், ஆனால் காய்ந்து தொண்டையில் அடைக்கக் கூடாது. நீங்கள் எல்லாரும் ஒழுக வைப்பதைப் பற்றியே பேசுகிறீர்களே, எனக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

நடுத்தட்டு | ஜனவரி 7, காலை 6.40

மல்லி, உங்களுக்குத்தான் தாழ்ப்பாளின் 150. அவர் ஒதுக்கிய முறை உங்களுக்குப் பொருந்தும், சில மாற்றங்களோடு. கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்து, மேலே அலுமினியத் தாளை மூடி, 150 அல்லது 160-ல் அரை மணி நேரத்துக்கு மேலேயே விடுங்கள். வேகம் குறைவாக இருப்பதால் ஓரம் ரப்பராகும் முன் நடு வெந்துவிடும். மூடியிருப்பதால் மேலே காயாது.

முட்டை சேர்ந்த உணவுக்கு நடுப்பகுதி 71 டிகிரியைத் தொட வேண்டும் என்பது அமெரிக்க விவசாயத் துறை சொல்லும் கணக்கு. மஞ்சள் கெட்டியாவதும் அந்த இடத்தில்தான். எனவே தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும், கத்தி முனையால் மஞ்சளின் நடுவைப் பிளந்து பாருங்கள். ஈரப் பளபளப்பு எங்கும் இல்லாமல் ஒரே நிறமாக இருந்தால் போதும். கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் இதே கணக்கு.

மாடிவீட்டு மல்லி | ஜனவரி 7, காலை 10.20

நன்றி. பிளந்து பார்த்த முட்டை எனக்கு, பிளக்காத முட்டை அவனுக்கு. ஒரே தண்ணீரில் ஒன்றாக வெந்தது என்பதால் நம்பிக்கொடுக்கலாம்தானே?

நடுத்தட்டு | ஜனவரி 7, காலை 10.45

ஒரே அளவுக் கிண்ணம், ஒரே நேரத்தில் உள்ளே போனது, ட்ரேயில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது என்றால் பெரும்பாலும் சரி. ஓவனின் பின்பக்க மூலை கதவுப் பக்கத்தைவிடச் சூடாக இருக்கும், அதனால் கதவுப் பக்கம் இருப்பதைப் பிளந்து பாருங்கள். அது வெந்திருந்தால் மற்றதும் வெந்திருக்கும்.

தாழ்ப்பாள் | ஜனவரி 9, இரவு 10.30

நடுத்தட்டு, கீழே சூடு மேலே குளிர் என்றீர்கள். அதை எப்படிச் செய்வது? நான் நினைத்தது: கிண்ணத்தை முன்பே சுடவைப்பது, கொதிக்கும் தண்ணீர், மேலே மூடுவது, தட்டைக் கீழே இறக்குவது. இன்றைக்கு இவ்வளவையும் ஒன்றாகச் செய்தேன். கெட்டிலில் கொதித்த தண்ணீரை ட்ரேயில் கிண்ணத்தின் பாதி உயரம் வரை ஊற்றி, வெறும் கிண்ணங்களை அதில் ஐந்து நிமிடம் நிறுத்தினேன். 190, கீழ்த் தட்டு, தாள் மூடி. முட்டை வெளியே இருந்து குளிர் தணிந்தது.

பன்னிரண்டு நிமிடத்தில் எடுத்தேன். வெள்ளை நின்றது. மஞ்சளுக்குள் ஒழுகல் இருந்தது. ஆனால் மஞ்சளின் மேல் வெளுத்த திரை படர்ந்து, மஞ்சளே தெரியவில்லை. பார்வைக்கு நோயாளி முட்டை.

அரைவேக்காடு | ஜனவரி 9, இரவு 10.44

கண் மூடிச் சாப்பிடுங்கள்.

நடுத்தட்டு | ஜனவரி 10, காலை 7.05

அந்தத் திரை மஞ்சள் வெந்ததால் வந்ததில்லை. மஞ்சளின் மேல் எப்போதும் மெல்லிய வெள்ளைக்கரு ஒரு படலமாகக் கிடக்கும். மூடியிருக்கும்போது ஆவி குளிர்ந்து அதன் மேல் படியும், படிகிற சூட்டில் அந்தப் படலம் வெந்து வெளுக்கும். கீழே மஞ்சள் பத்திரமாக இருக்கும். மூடாமல் வைத்தால் அதே படலம் காய்ந்து பளபளக்கும், ஆனால் கொஞ்சம் தாண்டினால் உங்கள் பழைய தோல். ஒன்று வெளுக்கும், மற்றொன்று காயும். எது பிடிக்கிறது என்பது உங்கள் கையில்.

இரண்டும் வேண்டாமென்றால் ஒரு வழி இருக்கிறது. முட்டையைப் பிரித்துவிடுங்கள். வெள்ளையை மட்டும் சூடான கிண்ணத்தில் ஊற்றி உள்ளே வையுங்கள். ஆறேழு நிமிடத்தில் ஓரமும் அடியும் பால் நிறமாகி, நடுவில் மட்டும் கொஞ்சம் ஆடும். அப்போது வெளியே இழுத்து, நடுவில் கரண்டி முதுகால் சிறு பள்ளம் செய்து, மஞ்சளை அதில் இறக்கி, மறுபடி உள்ளே தள்ளுங்கள். இந்த முறை மூட வேண்டாம். நான்கைந்து நிமிடம். மஞ்சள் வெளுக்கவும் நேரமில்லை, காயவும் நேரமில்லை. வெள்ளைக்கு வேண்டிய நேரத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டோம், அவ்வளவுதான் சூட்சுமம்.

மஞ்சளை உடைந்த ஓட்டின் பாதியிலேயே வைத்துக்கொண்டால் இறக்க எளிது. இன்னொன்று, மஞ்சள் ஃப்ரிட்ஜ் குளிரோடு போனால் ஒரு நிமிடம் கூடுதலாகக் கேட்கும். பள்ளத்தில் இறங்கிய மஞ்சள் ஓரமாகச் சாய்ந்துகொண்டால் சாய்ந்த பக்கம் முதலில் கெட்டியாகிவிடும், நடுவில் இறக்குங்கள்.

தாழ்ப்பாள் | ஜனவரி 12, மாலை 6.18

செய்தேன். மஞ்சள் மேலே பளபளப்பு, கீறினால் ஒழுகல், வெள்ளை கரண்டியில் நின்றது. ஆனால் ஒரு முட்டைக்கு இவ்வளவு வேலையா என்று என் வீட்டில் கேட்டார்கள். வெளியே எடுத்த கையோடு பரிமாற வேண்டியிருந்ததால் பதில் சொல்ல நேரமில்லை.

இடையில் இன்னொன்றைக் கவனித்தேன். ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் வாங்கி நடுத்தட்டில் நிறுத்தினேன். திருகை 180-ல் வைத்தால் உள்ளே 165-லிருந்து 195 வரை ஏறி இறங்குகிறது. கம்பி சிவக்கும்போதெல்லாம் மேல் தட்டில் இருப்பதன் மேல் வெக்கை நேராக விழுகிறது. என் முதல் முட்டைக்குத் தோல் வந்தது 200 டிகிரியால் மட்டும் என்று இப்போது நம்பவில்லை, கம்பிக்கு ஒரு சாண் கீழே இருந்ததும் சேர்ந்துதான்.

நடுத்தட்டு | ஜனவரி 12, இரவு 7.30

சரியாகப் பிடித்தீர்கள். மேல் தட்டில் வெறும் ட்ரே ஒன்றைச் செருகி வைத்தால் அது குடை. முட்டையைக் கீழே வையுங்கள். மூடாமலே தோல் வருவது பெரும்பகுதி நின்றுவிடும்.

கண்ணாடிக்கதவு | ஜனவரி 13, மதியம் 1.10

சரி, ஓவன் ஆட்கள் சொல்லுங்கள். காற்றாடி சுழலும் ஓவனில் 20 டிகிரி குறைக்க வேண்டும் என்கிறார்கள், முட்டைக்கும் அதேதானா? எனக்கு மைக்ரோவேவோடு ஒட்டிய ஓவன், காற்றாடியை நிறுத்த முடியாது.

அரைவேக்காடு | ஜனவரி 13, மதியம் 1.34

ஓவன் ஆட்கள்! கட்சி மாறிவிட்டார் பாருங்கள்.

நடுத்தட்டு | ஜனவரி 13, மாலை 5.00

20 குறைப்பது பொதுவான கணக்கு, முட்டைக்கும் ஒத்துவரும். காற்றாடியின் முக்கியத் தொல்லை சூடு இல்லை, காற்று. முட்டையின் மேல் ஓயாமல் காற்று அடிப்பதால் மேல்பரப்பு சீக்கிரம் உலர்ந்துவிடும். காற்றாடியை நிறுத்த முடியாவிட்டால் மூடித்தான் ஆக வேண்டும். அப்படியென்றால் திரை விழும். வெளுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள், அல்லது கடைசி இரண்டு நிமிடம் மட்டும் தாளை எடுங்கள்.

தாழ்ப்பாள் | ஜனவரி 18, காலை 11.25

இனி ட்ரே. ராமெகின் எனக்குப் பழகிவிட்டது, பிரித்து வைக்கும் முறையும் சோம்பலைத் தூண்டுகிறது. ஒரே ட்ரேயில் காய்கறி பரப்பி அதில் முட்டையை உடைத்துவிட்டால் பாத்திரமும் ஒன்று, வேலையும் ஒன்று. இப்படிச் செய்தேன்: உருளைக்கிழங்கு, குடமிளகாய், வெங்காயம், தக்காளி, காளான், எல்லாம் விரல் பருமனில் நறுக்கி, எண்ணெயும் உப்பும் கலந்து 220-ல் அரை மணி நேரம். பழுப்பேறியதும் இடையில் பள்ளம் செய்து முட்டைகளை ஊற்றினேன். 200-ல் எட்டு நிமிடம்.

மேலே பார்க்க அழகு. கீழே கரண்டி விட்டால் வெள்ளை சரசரவென்று காய்களுக்கிடையே ஓடியது, அடியில் பச்சையாகவே இருந்தது. அதே ட்ரேயின் இன்னொரு ஓரத்தில் ஒரு முட்டை மட்டும் நன்றாக வெந்து, அடியில் மொறுமொறுவென்று பழுப்பாகக் கூட இருந்தது. ஒரே தட்டு, ஒரே சூடு, எட்டே நிமிடம். எனக்குப் புரியவில்லை.

மாடிவீட்டு மல்லி | ஜனவரி 18, மதியம் 12.50

காளானும் தக்காளியும் நீர் விடுமே. நான் காளானைச் சேர்த்தால் தனியாக முன்பே வதக்கிவிடுவேன், இல்லையென்றால் ட்ரேயில் குளம் கட்டும்.

நடுத்தட்டு | ஜனவரி 18, இரவு 9.20

மல்லி சொன்னது ஒரு காரணம், அதற்கு முன்பு ஒரு கேள்வி: நன்றாக வெந்த முட்டையின் பள்ளம் அடிவரை, உலோகம் தெரியும்படி இருந்ததா?

தாழ்ப்பாள் | ஜனவரி 18, இரவு 9.31

ஆமாம், ஓரத்தில் காய் குறைவாக இருந்தது, ட்ரே தெரிந்தது. மற்றவை காய்மேட்டின் மேல்.

நடுத்தட்டு | ஜனவரி 18, இரவு 9.52

அதுதான் விஷயம். ராமெகினில் நாம் கஷ்டப்பட்டு உண்டாக்கியது இங்கே தானாகக் கிடைக்கும், பள்ளம் அடிவரை போனால். 220-ல் அரை மணி நேரம் கிடந்த உலோகத்தின் மேல் முட்டையை ஊற்றினால் அடியில் வெள்ளை உடனே வெந்துவிடும். மஞ்சள் மேலே மிதக்கிறது, அதற்கு மேல்காற்றின் சூடு மட்டும். இந்த வேறுபாடுதான் வேண்டும் என்றோம். காயின் மேல் ஊற்றினால் காய் ஒரு மெத்தை. காயில் முக்கால் பங்குக்கு மேல் நீர். எனவே காயின் சூடு 100-ஐ ஒட்டியே நிற்கும், முட்டைக்குச் சூட்டைக் கொடுப்பதும் மெதுவாக. அடியில் வெள்ளை வேகும் முன் மேலே மஞ்சள் வெந்துவிடும்.

மூன்று செய்யுங்கள். பள்ளத்தை அடிவரை எடுங்கள், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு. முட்டைகளை முதலில் தனித்தனிக் குவளையில் உடைத்து வைத்துக்கொள்ளுங்கள். ட்ரேயை வெளியே எடுத்ததிலிருந்து உள்ளே தள்ளும் வரை நீங்கள் நேரம் எடுத்தால் உலோகம் ஆறும், ஆறிய ட்ரே மேலே சொன்ன மெத்தையைவிட மேலில்லை. மூன்றாவது, நீர் கட்டியிருந்தால் கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள். முட்டை அந்த நீரில் விழுந்தால் வெள்ளை நூல் நூலாகப் பிரிந்து கலங்கலாக வேகும்.

அரைவேக்காடு | ஜனவரி 18, இரவு 10.15

என் பங்குக்கு ஒன்று. பழைய முட்டையில் வெள்ளை நீராக இருக்கும், ட்ரேயில் உடைத்தால் காடு மேடெல்லாம் ஓடும். புதிய முட்டையில் வெள்ளை மஞ்சளைச் சுற்றிக் குவிந்து நிற்கும். இந்த முறையாவது சரியாகச் சொன்னேனா?

நடுத்தட்டு | ஜனவரி 19, காலை 6.35

இந்த முறை முழுசாகவே சரி. பழைய முட்டைதான் இருக்கிறது என்றால் துளை பெரிதான சல்லடையில் அதை உடைத்து ஊற்றி, லேசாக ஆட்டுங்கள். நீர்த்த வெள்ளை கீழே போய்விடும், கெட்டியான வெள்ளையும் மஞ்சளும் சல்லடையில் நிற்கும். அதைப் பள்ளத்தில் சரியுங்கள். அளவு கொஞ்சம் குறையும், ஆனால் முட்டை எங்கும் ஓடாது.

தாழ்ப்பாள் | ஜனவரி 25, இரவு 8.05

காளானைக் கழித்து, தக்காளியை விதை நீக்கிச் செய்தேன். முப்பது நிமிடம் 220, அதற்குப் பிறகு பள்ளம், முட்டை, திருகை 200-க்கு இறக்கி கீழ்த் தட்டு. ஏழாவது நிமிடத்தில் கதவைத் திறந்து ட்ரேயை லேசாக ஆட்டினேன். மஞ்சளைச் சுற்றி வெள்ளை பால் நிறமாகி, மொத்தமாக ஒரே துண்டாக நடுங்கியது. தெளிவான பகுதி அலையாக ஓடவில்லை. அந்த இடத்தில் எடுத்தேன். இரண்டு நிமிடம் ட்ரேயிலேயே விட்டதில் அந்த நடுக்கமும் நின்றது. மஞ்சள் ஒழுகியது.

ஒரு முட்டையில் மட்டும் மஞ்சள் கொஞ்சம் கெட்டி. அது ட்ரேயின் பின்மூலையில் இருந்தது. நடுத்தட்டு மல்லியிடம் சொன்ன அதே பின்மூலை.

மாடிவீட்டு மல்லி | ஜனவரி 26, காலை 9.10

உப்பை எப்போது போடுகிறீர்கள்? மஞ்சளின் மேல் உப்புப் போட்ட இடத்தில் எனக்கு வெள்ளைப் புள்ளிகள் வருகின்றன.

தாழ்ப்பாள் | ஜனவரி 26, காலை 9.40

எனக்கும் வந்தது, மிளகால் வருகிறது என்று நினைத்திருந்தேன்.

நடுத்தட்டு | ஜனவரி 26, மாலை 7.00

உப்புதான். பருமனான உப்பு விழுந்த இடத்தில் மேல்பரப்பு நீரை இழுத்துப் புள்ளியாகும். வேகும் முன் உப்பை வெள்ளையின் மேல் மட்டும் போடுங்கள், அல்லது கிண்ணத்தின் அடியில் வெண்ணெயோடு. மஞ்சளுக்கு மேசையில் வைத்துத் தூவுங்கள். ருசியில் வேறுபாடில்லை, பார்வைக்குத்தான்.

அரைவேக்காடு | ஜனவரி 27, இரவு 11.00

கிரீமை மேலே ஊற்றுவது பற்றி யாரும் பேசவில்லையே. ராமெகினில் முட்டை மேல் ஒரு கரண்டி கிரீம் ஊற்றினால் அது வெள்ளையைக் காக்கும் என்று கேள்வி.

நடுத்தட்டு | ஜனவரி 28, காலை 7.15

அது எனக்கும் தீராத வழக்கு. கிரீம் மேல்பரப்பு உலராமல் காக்கும், அது உண்மை. மஞ்சளைச் சுற்றி மட்டும் ஊற்றினால் வெள்ளைக்கு மேல் ஒரு போர்வை விழுகிறது, ஆனால் நான் பார்த்தவரை வெள்ளை வேக இன்னும் நேரம் பிடிக்கிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கிரீமாக இருந்தால் இன்னும் மோசம். சூடுபடுத்திய கிரீம் ஊற்றினால் சரியாகிறது என்று என்னோடு வேலை செய்த ஒருவர் அடித்துச் சொல்வார். எனக்கு ஒரு நாள் சரியாக வருகிறது, மறுநாள் வருவதில்லை.

கண்ணாடிக்கதவு | ஜனவரி 28, காலை 9.30

நான் கிரீமைக் கிண்ணத்தின் அடியில் ஊற்றி மேலே முட்டை வைக்கிறேன். அடி கெட்டியாகாமல் குழைவாக வருகிறது. அதற்கும் வெள்ளை வேகத் தாமதமாகிறதா?

நடுத்தட்டு | ஜனவரி 28, மாலை 6.10

ஆகும். சூடு கீழிருந்து வர வேண்டும் என்று இவ்வளவு நேரம் பேசிவிட்டு, கீழே குளிர்ந்த கிரீமை விரித்துவிட்டால் எப்படி? அடியில்தான் வேண்டுமென்றால் கிரீமைக் கொதிநிலைக்கு அருகில் சுடவைத்து ஊற்றி, அதன் மேல் முட்டையை இறக்குங்கள். கிண்ணமும் சூடு, கிரீமும் சூடு. அப்போது தாமதம் பெரிதாகத் தெரியாது.

மாடிவீட்டு மல்லி | பிப்ரவரி 2, காலை 8.45

அவசரக் கேள்வி. பத்துப் பேர் வருகிறார்கள், பன்னிரண்டு முட்டை. ஒரே பெரிய ட்ரேயில் போடலாமா?

தாழ்ப்பாள் | பிப்ரவரி 2, காலை 9.00

ட்ரே ஓவனை அடைத்துக்கொண்டால் காற்று சுற்றாது. எனக்குப் பின்மூலையும் கதவுப் பக்கமும் ஒரே நேரத்தில் ஒத்துப்போகவில்லை, அதுவும் ஆறு முட்டைக்கு. இரண்டு ட்ரேயாகப் பிரித்து, காய் இரண்டையும் முன்பே வறுத்து வைத்துக்கொண்டு, முட்டையை ஒன்றன் பின் ஒன்றாகப் போடுங்கள். இரண்டாவது ட்ரேயை முட்டை ஊற்றும் முன் ஐந்து நிமிடம் மறுபடி சுட வையுங்கள், ஆறின ட்ரேயில் ஊற்றாதீர்கள்.

நடுத்தட்டு | பிப்ரவரி 2, காலை 9.20

அதோடு, ஒழுகல் வேண்டாதவர்கள் யார் யார் என்று முன்பே கேட்டுவிடுங்கள். அவர்களுக்கான முட்டைகள் பின்மூலையில்.